50 நொடி, 16 வரி: தண்ணீர் ராப் ஒன்றைக் கட்டுவது எப்படி

கேள்வி: பள்ளிப் போட்டிக்குத் தண்ணீர் சேமிப்பு பற்றித் தமிழில் ராப் எழுதணும். 50 நொடிதான் தருகிறார்கள். வரிக் கடைசியில் மட்டுமில்லாமல் வரிக்கு உள்ளேயும் ரைமிங் விழணும். எத்தனை வரி எழுதுவது? ஒரு மாதிரியும் கிடைத்தால் நல்லது.

பதில்:

16 வரி எழுதுங்கள். பீட்டின் வேகம் 96 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 96 தட்டு. கணக்கு இதுதான்: 240-ஐ பிபிஎம்மால் வகுத்தால் ஒரு பார் எத்தனை நொடி என்று வந்துவிடும். ஒரு பார் என்றால் நான்கு தட்டு. 240-ஐ 96-ஆல் வகுத்தால் 2.5 நொடி, ஆக 50 நொடிக்கு 20 பார் கிடைக்கிறது. தொடக்கத்தில் இரண்டு பார் வெறும் பீட்டுக்கு (5 நொடி), நடுவில் 16 பார் வரிகளுக்கு (40 நொடி), கடைசியில் இரண்டு பார் முடித்து நிற்பதற்கு (5 நொடி). 20 பாரையும் வரிகளால் நிரப்பாதீர்கள். மைக்கை வாங்கி முதல் தட்டைப் பிடிப்பதற்குள் ஓரிரு நொடி ஓடிவிடும். கடைசி வரி மணியடிக்கும்போது தொண்டையில் நின்றுவிட்டால், எழுதியதிலேயே நல்ல வரி யாருக்கும் கேட்காமல் போகும்.

கையில் வேறு பீட் இருந்தால் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 80 பிபிஎம் என்றால் ஒரு பார் 3 நொடி, 16 வரியே 48 நொடியைத் தின்றுவிடும், முன்னுரைக்கு இடம் இல்லை. இணையத்தில் எடுக்கும் பீட்டில் 140 என்று போட்டிருந்தால் அப்படியே நம்ப வேண்டாம். அந்த வகை பீட்டில் பெரும்பாலும் 70 என்று எண்ணித்தான் பாடுவார்கள், அப்போது ஒரு பார் ஏறக்குறைய 3.4 நொடி ஆகிவிடும். கைத்தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ‘டப்’ என்று அடிக்கும் ஸ்னேர் மேளம் இரண்டாவது தட்டிலும் நான்காவது தட்டிலும் விழுகிறதா என்று கேளுங்கள். அப்படி விழுந்தால் நீங்கள் எண்ணும் வேகம் சரி.

இனி ஒரு வரிக்குள் எவ்வளவு சொல் கொள்ளும் என்பது. தமிழில் இதை எண்ணுவது சுலபம். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றதை எண்ணினால் அதுதான் அசைவு. ‘கொட்டுது’ மூன்று, ‘தண்ணி’ இரண்டு, ‘ஹோஸ்’ ஒன்று. ஒரு தட்டுக்குள் நான்கு அசைவுக்கு மேல் போகக் கூடாது. வரி முழுவதற்கும் 11 முதல் 14 வரை வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தட்டில் இரண்டே அசைவு விழுந்தால் பாதித் தட்டு காலியாக இருக்கும், மூச்சை அங்கேதான் இழுக்க வேண்டும். 96 வேகத்தில் அந்தக் காலி இடம் ஏறக்குறைய 0.3 நொடி. சின்ன மூச்சுக்குப் போதும்.

இந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ‘நீர்த்தொட்டி நிறைந்து வழிகிறது பாருங்கள்’ என்று எழுதிப் பாருங்கள். 14 அசைவு வருகிறது, எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் வாய்விட்டுத் தட்டில் வைத்தால் ‘வழிகிறது பாருங்கள்’ என்ற எட்டு அசைவும் ஒரே மாதிரி ஓடி, எந்தச் சொல்லும் தட்டில் உட்காராது. ‘டேங்கு ரொம்பி கொட்டுது பாரு’ என்றால் 9 அசைவில் அதே செய்தி முடிந்து, ‘டேங்கு’, ‘கொட்டு’, ‘பாரு’ மூன்றும் தனித்தனித் தட்டில் நிற்கும். நம் பேச்சில் சொல்லின் முதல் எழுத்தில்தான் அழுத்தம். அதனால் சொல்லின் தொடக்கம் தட்டின் மேல் விழ வேண்டும். ராப்புக்குப் பேச்சுத்தமிழ் தேவைப்படுவது இதனால்தான், ‘கெத்து’ காட்டுவதற்காக இல்லை.

வரிக்கு உள்ளே விழும் ரைமிங்குக்கு நம் யாப்பில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ஒரு பாரின் நான்கு தட்டை நான்கு சீராக எண்ணிக்கொண்டால் அது அளவடி. முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் எதுகை வந்தால் பொழிப்பு. முதல் இரண்டிலும் வந்தால் இணை. முதல் மூன்றிலும் வந்தால் கூழை. 1, 2, 4-இல் வந்தால் கீழ்க்கதுவாய். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்த இந்தப் பெயர்கள் ராப் எழுதுகிறவருக்கு நேரடியாகப் பயன்படும் வரைபடம். வரிக் கடைசியில் ஒலி ஒன்றி வருவது இயைபு. ஆக இரண்டிரண்டு வரியாக இயைபு, ஒவ்வொரு வரிக்குள்ளும் முடிந்தவரை ஓர் எதுகை. திட்டம் இவ்வளவுதான்.

எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் எழுத்து குறிலென்றால் குறில், நெடிலென்றால் நெடில் என்று அளவும் ஒத்திருக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ‘தட்டு’, ‘கொட்டு’ ஒட்டும். ‘தட்டு’, ‘பாட்டு’ கண்ணுக்கு ஒட்டினாலும் பீட்டில் ஒட்டாது, ஒன்று சட்டென்று மூட மற்றது இழுக்கும்.

மாதிரிப் பாட்டு கீழே. சாய்கோடு வரும் இடமெல்லாம் புதுத் தட்டு. வரியின் முதல் சொல் முதல் தட்டு.

1. மொட்ட மாடி / டேங்கு ரொம்பி / கொட்டுது / பாரு
2. தட்டி விட்ட / மோட்டார் பாட / தூங்குது / ஊரு
3. சொட்டும் குழாய் / வாஷர் தேஞ்சு / வருஷம் / ஆச்சு
4. பத்து ரூவா / வேல, பத்து / லிட்டர் தெனம் / போச்சு

5. கொடம் வச்சு / எடம் புடி / தெரு / ஓரம்
6. ஜோலார்பேட்ட / ரயில் தண்ணி / வந்த / தூரம்
7. வாளி பாதி / காலி, லாரி / வந்தா தீ / வாளி
8. மழ வந்தா / மறப்பானே / புத்தி / சாலி

9. ஒரு சென்டி / மழ, / ஆயிரம் / அடி மாடி
10. தொள்ளாயிரம் / லிட்டர் போச்சு / சாக்கட / தேடி
11. கல்லு கீழ / ஜல்லி மேல / மணல / போடு
12. மழ சேரும் / குழியில / பொழைக்கும் / வீடு

13. ஹோஸ் எதுக்கு / காருக்கு, / வாளி / போதும்
14. ஷவர் மூடி / சோப்ப போட்டா / கொறையாது / ஏதும்
15. அம்பது / சொட்டு போச்சு / முடிஞ்சது / பாட்டு
16. எண்ணுனது / போதும், போயி / வாஷர / மாட்டு

மொத்தம் 205 அசைவு, 40 நொடியில். நொடிக்கு ஐந்துக்குச் சற்று மேல். எட்டாம் வகுப்புப் பிள்ளை நாக்கு குழறாமல் சொல்லக்கூடிய வேகம். நொடிக்கு ஏழைத் தாண்டினால் தமிழின் இரட்டித்த மெய்கள் தேய ஆரம்பிக்கும், ‘சொட்டு’ ‘சொடு’ என்று கேட்கும்.

முதல் நான்கு வரியில் காதுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். மொட்ட, கொட்டு, தட்டி, விட்ட, சொட்டு என்று முதல் மூன்று வரிக்குள் குறிலுக்குப் பின் ‘ட்ட’ ஐந்து முறை விழுகிறது. முதல் வரியில் ஒன்றாம் மூன்றாம் தட்டில், அதாவது பொழிப்பு. இரண்டாம் வரியில் இரண்டும் ஒரே தட்டுக்குள் நெருங்கி வருகின்றன. மூன்றாம் வரியில் ஒன்றே ஒன்று, அதுவும் முதல் தட்டில். அடுத்து ‘வாஷர்’, ‘வருஷம்’ என்று மோனைக்கு மாறிவிடுகிறது. ‘ட்ட’வை நான்கு வரிக்கும் இழுத்திருந்தால் மேளம் மாதிரி சலித்திருக்கும். நான்காம் வரியில் எதுகையே இல்லை, ‘பத்து’ என்ற ஒரே சொல் இருமுறை வருகிறது. பத்து ரூபாய், பத்து லிட்டர். கேட்பவர் மனதில் நிற்க வேண்டியது இந்த ஒப்பீடு. அதனால் அங்கே ஓசை விளையாட்டைக் குறைத்து எண்ணைத் தனியாக நிறுத்தியிருக்கிறது.

இரண்டாம் வரியின் முதல் வடிவம் ‘தட்டி விட்ட மோட்டார் ஓட தூங்குது ஊரு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் குறையே இல்லை. வேகமாகச் சொன்னால் ‘மோட்டாரோட தூங்குது ஊரு’ என்று கேட்கும், ஊரே மோட்டாரைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிற மாதிரி. மெய்யில் முடியும் சொல்லுக்கு அடுத்து உயிரில் தொடங்கும் சொல் வந்தால் தமிழில் இரண்டும் ஒட்டித்தான் தீரும். எழுத்தில் இடைவெளி விட்டு அதைத் தடுக்க முடியாது. ‘ஓட’வைப் ‘பாட’ ஆக்கியதும் சிக்கல் தீர்ந்தது, கூடவே மோட்டாரின் இரைச்சல் தாலாட்டாகவும் ஆகிவிட்டது. எழுதி முடித்ததும் இந்தச் சோதனையை எல்லா வரிக்கும் செய்யுங்கள்: பாட்டைப் பார்க்காத ஒருவரை உட்கார வைத்து வேகமாகச் சொல்லி, அவருக்குக் கேட்டதை எழுதச் சொல்லுங்கள். ஒட்டிப் பிறழும் இடம் உடனே தெரிந்துவிடும்.

உயிரில் முடிந்து உயிரில் தொடங்கும் இடமும் உண்டு. ஐந்தாம் வரியில் ‘தெரு ஓரம்’ வாயில் ‘தெருவோரம்’ என்றுதான் வரும். அங்கே அசைவு எண்ணிக்கை மாறவில்லை, பொருளும் மாறவில்லை, விட்டுவிடலாம். ஆனால் ‘கொட்டுது இங்க’ என்று எழுதினால் ஐந்து அசைவு என்று எண்ணியிருப்பீர்கள், வாயில் ‘கொட்டுதிங்க’ என்று நான்காகத்தான் வரும். குற்றியலுகரம் விழுங்கப்பட்டு வரி ஒரு அசைவு முன்னதாக முடிந்து, அடுத்த சொல் தட்டுக்கு முன்னால் ஓடிவிடும். பயிற்சியில் ‘ஏனோ இந்த வரியில் மட்டும் வேகம் கூடுகிறது’ என்று தோன்றினால் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

பாட்டின் இரண்டாம் பத்தி சென்னையின் 2019. அந்த ஆண்டு பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது: 50 வேகன், 25 லட்சம் லிட்டர். வரியில் இவ்வளவும் நுழைக்கத் தேவையில்லை, ‘ஜோலார்பேட்ட ரயில்’ என்ற ஊர்ப்பெயர் போதும். ஊர்ப்பெயர் சொன்னதும் கேட்பவருக்குக் காட்சி வந்துவிடும். ஆறாம் வரிக்குள் எதுகை கிடையாது, அது வேண்டுமென்று விட்டதுதான். 16 வரியிலும் எதுகை குவிந்தால் காது அதைப் பின்னணி இரைச்சலாக எடுத்துக்கொள்ளும். செய்தி உள்ள வரியை வெறுமையாக விட்டு அடுத்த வரியில் கொட்டுவது நல்லது.

அடுத்த வரி அப்படித்தான் கொட்டுகிறது. வாளி, காலி, லாரி, தீவாளி. இரண்டாம் எழுத்து ளி, லி, ரி என்று மாறுகிறதே என்று தமிழாசிரியர் கேட்டால், இடையின எழுத்துகள் தமக்குள் எதுகையாக வரலாம், அதற்கு இடையின எதுகை என்றே பெயர் இருக்கிறது என்று சொல்லுங்கள். ‘தீவாளி’யை எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் இங்கே சூட்சுமம். ‘தீ’ மூன்றாம் தட்டின் வாலில் போக, நான்காம் தட்டில் ‘வாளி’ மறுபடியும் விழுகிறது. தண்ணீர் லாரி வந்த நாள் பண்டிகை நாள் என்பது ஒரு பொருள், வரி வாளியில் தொடங்கி வாளியில் முடிவது இன்னொன்று. முதல், இரண்டாம், நான்காம் தட்டு என்பதால் இது கீழ்க்கதுவாய். அந்த ‘தீ’யை அழுத்தி நான்காம் தட்டில் வைத்துவிட்டால் ‘வாளி’ அடுத்த பாருக்குள் வழிந்து, எட்டாம் வரி தாமதமாகும். ஒத்திகையில் பெரும்பாலும் தடுக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும், தனியாக இருபது முறை சொல்லிப் பழக்க வேண்டும்.

சென்னை அல்லாத ஊரில் பாடுவதாக இருந்தால் ஐந்தாம் ஆறாம் வரியை மாற்றிக்கொள்ளலாம். இடத்துக்கு நான்கு அசைவில் ஓர் ஊர்ப்பெயரோ ஏரிப்பெயரோ தேவை. ‘செம்பரம்பாக்கம்’ அழகான பெயர், ஆனால் ஐந்து அசைவு, ஒரு தட்டுக்குள் அடங்காது. ‘சோழவரம்’ நான்கு, ‘பூண்டி’ இரண்டு, ‘புழல் ஏரி’ நான்கு. இப்படி எண்ணிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒன்பதாம் பத்தாம் வரியின் கணக்கை யாராவது நடுவர் சோதிப்பார், அதனால் அதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர், அதாவது 10 மில்லிமீட்டர் பெய்தால் 930 லிட்டர். தரை நனைவதிலும் தெறிப்பதிலும் கொஞ்சம் போகும், தொள்ளாயிரம் என்பது நேர்மையான எண். ‘ஆயிரம் லிட்டர்’ என்று உருட்டிச் சொல்லத் தோன்றும். அப்படிச் செய்தால் முந்தைய வரியின் ‘ஆயிர’த்தோடு குழம்பும். ‘ஆயிரம்’, ‘தொள்ளாயிரம்’ என்று எதிரெதிராக வந்தால்தான் ஓசையும் கிடைக்கும், கணக்கும் நிற்கும். நம்மூர் வானிலைச் செய்தியில் மழையை சென்டிமீட்டரில்தான் சொல்வார்கள் என்பதால் ‘சென்டி’ யாருக்கும் புரியாமல் போகாது.

ஒன்பதாம் வரியின் இரண்டாம் தட்டில் ‘மழ’ என்ற இரண்டு அசைவு மட்டும் இருக்கிறது. அந்தப் பாதித் தட்டை நிரப்பாதீர்கள். இரண்டு காரணம். ‘மழ ஆயிரம்’ ஒட்டிக்கொண்டு ‘மழயாயிரம்’ என்று குழையாமல் இருக்க அங்கே நிறுத்தம் தேவை. அதோடு இந்த வரி மட்டும்தான் கடைசித் தட்டில் நான்கு அசைவோடு முடிகிறது, அங்கே மூச்சுக்கு இடமில்லை. ஆகவே ‘மழ’க்குப் பின் மூச்சு இழுத்து, ‘ஆயிரம்’ தொடங்கி பத்தாம் வரி முடியும்வரை ஒரே ஓட்டம்.

11-ஆம் வரி மழைநீர்க் குழியின் அடுக்கு. அடியில் பெரிய கருங்கல், அதன் மேல் ஜல்லி, உச்சியில் மணல். தண்ணீர் மேலிருந்து இறங்கும்போது முதலில் மணலில் குப்பை நிற்க வேண்டும், அதனால்தான் இந்த வரிசை. ஓசைக்காக ‘மணல் கீழ, கல்லு மேல’ என்று மாற்றினால் வீடு கட்டியவர்கள் சிரிப்பார்கள். நல்லவேளை, ‘கல்லு’, ‘ஜல்லி’ என்று சரியான வரிசையே இணை எதுகையாக அமைந்துவிட்டது. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது 2003-இல், ஆகவே பார்வையாளர் பலர் வீட்டில் குழி இருக்கும். குழி அடைபட்டுக் கிடப்பதுதான் வழக்கமான கதை. விருப்பமிருந்தால் ‘மணல போடு’ என்பதை ‘மணல மாத்து’ என்று மாற்றி அதைச் சொல்லலாம், அப்போது 12-ஆம் வரியின் இயைபையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

12-ஆம் வரியில் மழ, குழி, பொழை மூன்றும் அடுத்தடுத்த மூன்று தட்டின் தலையில். இது கூழை எதுகை. மூன்றும் குறிலில் தொடங்குகின்றன, மூன்றிலும் இரண்டாம் எழுத்து ழகரம். ழகரம் வராத பிள்ளை மூன்றையும் ளகரமாகச் சொன்னாலும் எதுகை கெடாது. ஆனால் ஒன்றை ழ என்றும் அடுத்ததை ள என்றும் சொன்னால் பிசிறு தட்டும். இந்த வரியை யார் சொல்வது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கடைசிப் பத்தியில் ஒரு திருத்தத்தைக் காட்டுவது பயன்படும். முதலில் எழுத வந்தது இப்படி இருக்கும்:

முடிஞ்ச பாட்டுக்குள்ள போச்சு அம்பது சொட்டு
எண்ணுனது போதும், போயி வாஷர மாட்டு

‘சொட்டு’, ‘மாட்டு’ என்று முடிவதால் இயைபு இருப்பதாகத் தோன்றும். தட்டில் வைத்தால் ‘சொட்டு’ உடனே மூடிக்கொள்ளும், ‘மாட்டு’ நீளும். குறில் நெடில் கோளாறு. மேல் வரி 14 அசைவு, எல்லையைத் தொட்டு நிற்கிறது வேறு. சொற்களைத் திருப்பிப் போட்டு ‘பாட்டு’வைக் கடைசிக்குக் கொண்டுவந்ததும் ‘பாட்டு’, ‘மாட்டு’ கச்சிதமாகப் பொருந்தி, வரியும் 13-ஆகக் குறைந்தது. ‘சொட்டு’ இரண்டாம் தட்டுக்கு நகர்ந்து மூன்றாம் வரியின் ‘சொட்டு’வை நினைவூட்டுகிறது. இயைபு சரியில்லை என்று பட்டால் உடனே வேறு சொல் தேடாதீர்கள், வரிக்குள் ஏற்கெனவே இருக்கும் சொல்லைக் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும்.

‘சேமிக்கணும்’, ‘யோசிக்கணும்’, ‘திருந்தணும்’ என்ற முடிவுகள் இந்தப் பாட்டில் ஒரு வரியிலும் இல்லை. ‘-ணும்’, ‘-ங்க’, ‘-போம்’ எல்லா வினைக்கும் ஒட்டும். கேட்பவர் அதை ரைமிங்காகவே எண்ண மாட்டார், பேச்சுப்போட்டி மாதிரித்தான் கேட்கும். ‘தெருவுல’, ‘ரயிலுல’ என்று வேற்றுமை உருபை ஒட்டி முடிப்பதும் அதே ரகம். உருபுக்கு முன்னால் இருக்கும் பகுதி ஒன்றினால்தான் கணக்கு. ‘ஆச்சு’, ‘போச்சு’வும் வினைமுடிவுதான், ஆனால் இரண்டசைவுச் சொல் முழுதும் சேர்ந்து ஒலிப்பதால் தப்பித்துக்கொள்கிறது. பாட்டுக்கு ஒருமுறை மன்னிக்கலாம்.

பத்து லிட்டர் என்ற எண்ணை வீட்டிலேயே சரிபாருங்கள். சொட்டும் குழாய்க்குக் கீழே அளவுக் கோப்பை வைத்து 15 நிமிடம் விட்டால் 100 மில்லி சேர்கிறதா? அப்படியென்றால் மணிக்கு 400 மில்லி, நாளுக்கு 9.6 லிட்டர். சொட்டின் பருமன் குழாய்க்குக் குழாய் மாறும், அதனால் சொட்டுகளை எண்ணிக் கணக்கிடுவதைவிட அளப்பதுதான் சரி. உங்கள் குழாயில் 20 லிட்டர் வந்தால் ‘பத்து லிட்டர்’ இருக்கும் இடத்தில் ‘இருவது லிட்டர்’ வைக்க முடியாது, தட்டு நிரம்பிவிடும். சொட்டு நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில் இருந்தால் 15-ஆம் வரியின் ‘அம்பது சொட்டு’வும் பீட் முடியும் நேரத்துக்குச் சரியாக வரும்.

ஒத்திகையின் முதல் நாள் பீட்டே இல்லாமல், சீராகத் தட்டு கொடுக்கும் மெட்ரோனோம் செயலியோடு மட்டும் சொல்லுங்கள். முதலில் 80-இல் தொடங்கி, நான்கு நான்கு வரியாக, பிசிறில்லாமல் மூன்று முறை வந்தபின் 96-க்கு ஏற்றுங்கள். போனில் பதிவு செய்து நேரம் பாருங்கள்: முதல் வரியின் ‘மொட்ட’ 5-ஆம் நொடியில், ஒன்பதாம் வரியின் ‘ஒரு’ 25-ஆம் நொடியில் விழ வேண்டும். 25-ஐவிட முன்னதாக வந்தால் காலித் தட்டுகளை விழுங்குகிறீர்கள், பெரும்பாலும் ஐந்து, ஆறு, எட்டாம் வரிகளின் கடைசியில். அவை 12 அசைவுதான், வாய் முந்திக்கொள்ளும். பின்னதாக வந்தால் ‘தீவாளி’யில் சிக்கியிருக்கிறீர்கள்.

முதல் இரண்டு பாரில் சும்மா நிற்க வேண்டாம் என்றால் ஒன்றாம் மூன்றாம் தட்டில் ‘சொட்டு’ என்று நான்கு முறை சொல்லலாம், இருவர் மேடையில் இருந்தால் மற்றவர் சொல்லட்டும். 16-ஆம் வரிக்குப் பின் பீட்டை நிறுத்திவிட்டு, ஒரு பார் முழுக்க அமைதி, பிறகு ஒரே ஒரு ‘சொட்டு’. அது 48-ஆம் நொடிக்குள் விழுந்துவிடும், மணிக்கு இன்னும் இரண்டு நொடி மிச்சம் இருக்கும்.